ஆயா கையால் கொடுக்கும் வாழ்த்து

கேள்வி: என் அக்கா மகள் பிளஸ் டூவில் 600க்கு 561 எடுத்திருக்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி ஆங்கிலத்தில் அஞ்சு வரி அனுப்பி, அதைத் தமிழாக்கி ஒரு அட்டையில் அடித்து எங்கள் ஆத்தா கையால் பேத்திக்குக் கொடுக்கச் சொன்னான். "கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் யுவர் எக்ஸலண்ட் ரிசல்ட்ஸ். வீ ஆர் சோ பிரவுட் ஆஃப் யூ. யுவர் ஹார்ட் ஒர்க் ஹேஸ் பெய்டு ஆஃப். மே யூ ரீச் கிரேட்டர் ஹைட்ஸ். காட் பிளஸ் யூ." இதுதான் அவன் அனுப்பியது. நான் எழுதியது: "உங்கள் சிறந்த முடிவுகளுக்கு வாழ்த்துக்கள். நாங்கள் உங்களைப் பற்றி மிகவும் பெருமைப்படுகிறோம். உங்கள் கடின உழைப்பு பலனளித்துள்ளது. நீங்கள் மேலும் பெரிய உயரங்களை அடையட்டும். கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக." ஆத்தா வாசித்துவிட்டு, "ஏதோ ஆபீஸ்ல இருந்து வந்த மாதிரி இருக்கு, நான் சொல்ற மாதிரி இல்லையே" என்று சொல்லிவிட்டார்கள். ஆசி சொல்வதுபோல இதை எப்படி மாற்றுவது?
— வாசகி, தேவகோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆத்தா சொன்னது சரி. காரைக்குடியில் உட்கார்ந்து 25 வருடமாக அழைப்பிதழும் பாராட்டு மடலும் அறக்கட்டளைக் கடிதமும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாழ்த்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, அதைச் சொல்ல வேண்டியவர் வாயால் சொல்லிப் பார்ப்பதுதான். அந்தச் சோதனையை உங்கள் ஆத்தா உங்களுக்காகச் செய்து கொடுத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இதைச் சொல்வது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எழுதியவர் தம்பி, அதாவது அந்தப் பெண்ணுக்கு அம்மான். ஆனால் கொடுக்கப்போவது உங்கள் ஆத்தா, அதாவது அந்தப் பெண்ணுக்கு ஆயா. அம்மான் குரலில் ஒன்றை எழுதி ஆயா கையில் கொடுத்தால் ஒட்டாது. தம்பி அனுப்பியதைக் கருத்தாக மட்டும் வைத்துக்கொண்டு, சொல்லும் வாயை ஆயாவின் வாயாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றியதுமே "உங்கள்" எல்லாம் "உன்" ஆகிவிடும். எந்த ஆயாவும் பேத்தியை "நீங்கள்" என்று சொல்லி ஆசீர்வதிப்பதில்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல் என்பதால், தமிழாக்கும்போது மரியாதைக்காக "நீங்கள்" போட்டுவிடுகிறோம். இங்கே அந்த மரியாதை பேத்தியைத் தள்ளி நிறுத்துகிறது.

இப்போது முதல் வரி. "முடிவுகள்" என்ற சொல் அட்டையில் வரவே கூடாது. தேர்வு முடிவு என்பது தேர்வுத் துறை வெளியிடுவது. "முடிவு வந்துவிட்டதா?" என்று கேட்கலாம், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணைப் பார்த்து "உன் முடிவு" என்றால், அவள் எடுத்த தீர்மானம் என்றோ அவளுடைய கடைசி என்றோதான் காதில் விழும். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு நானே இப்படி எழுதிவிட்டேன். அச்சகத்தில் மெய்ப்பு பார்த்த பெரியவர் அந்த வரியில் பென்சிலை வைத்து, "பிள்ளையின் முடிவுக்கா வாழ்த்துச் சொல்வது?" என்று மெல்லக் கேட்டார். அன்றைக்கு அதை அடித்தேன். அதற்குப் பிறகு எந்த வாழ்த்திலும் அந்தச் சொல்லை எழுதவில்லை.

நம் இலக்கணத்தில் மங்கலம் என்று ஒரு வழக்கே இருக்கிறது. முகம் சுளிக்க வைக்கும் சொல்லை விட்டுவிட்டு நல்ல சொல்லால் அதே பொருளைச் சொல்வது. விளக்கை "அணை" என்று சொல்லாமல் "குளிர வை" என்பதும், வாசலில் இறங்கும்போது "போகிறேன்" என்னாமல் "போய் வருகிறேன்" என்பதும் அதுதான். வீட்டில் இதைப் பழக்கமாகவே கடைப்பிடிக்கிறோம். மொழிபெயர்க்க உட்கார்ந்தால் மட்டும் மறந்துவிடுகிறது. "மதிப்பெண்", "மார்க்", "தேர்ச்சி", "பாஸ்" எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆயா வாயில் "மார்க்" என்பதே இயல்பு.

அதே வரியில் இன்னொன்று. ஆங்கிலத்தின் முதல் சொல்லுக்கு நேர்ச் சொல் "வாழ்த்து" அல்ல, "பாராட்டு". பாராட்டு நடந்து முடிந்ததைப் பற்றியது, வாழ்த்து இனி நடக்கப்போவதைப் பற்றியது. ஆங்கிலச் சொல் நடந்ததைத்தான் பார்க்கிறது. நாம் அதற்கு "வாழ்த்துகள்" என்று எழுதியே பழகிவிட்டோம், அன்றாடத்துக்கு அது போதும். (க் இல்லாமல் "வாழ்த்துகள்" என்றே நான் எழுதுவேன், இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன.) ஆனால் ஆசி சொல்லும் அட்டையில் இந்த இரண்டையும் பிரித்து வைப்பது முக்கியம். உங்கள் தம்பி அனுப்பியதில் முதல் மூன்று வரி பாராட்டு, கடைசி இரண்டு வரி வாழ்த்து. நம் ஊர்ப் பெரியவர்கள் இந்த அளவை மாற்றிப் போடுவார்கள். பாராட்டை ஒரு வாக்கியத்தில் சுருக்கிவிட்டு ஆசியை நீட்டுவார்கள். பிள்ளையை நேருக்கு நேர் நிறைய புகழ்ந்தால் கண் படும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. ஆசி எவ்வளவு நீண்டாலும் அந்தப் பயம் இல்லை.

பாராட்டையும் அவர்கள் வேறு வழியில்தான் சொல்வார்கள். "உன் மதிப்பெண் சிறப்பானது" என்று பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல், கேட்ட தங்கள் மனசுக்கு என்ன ஆனது என்று சொல்வார்கள். "561 மார்க் என்று கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது." இதில் "எக்ஸலண்ட்" என்ற சொல் எங்கேயும் இல்லை, ஆனால் அதன் பொருள் முழுவதும் இருக்கிறது. ஆயாவுக்கு "வயிறு குளிர்ந்தது" இன்னும் நெருக்கமாக இருக்கலாம். எது வாயில் வருகிறது என்று அவர்களையே கேட்டு எழுதுங்கள்.

அடுத்து "பெருமைப்படுகிறோம்". இலக்கணப்படி தவறில்லை. மேடையில் தலைமையாசிரியர் சொன்னால் பொருந்தும். வீட்டில் பெருமை என்பது நாம் படுவது அல்ல, பிள்ளை கொண்டுவந்து சேர்ப்பது. எனவே "பெருமை சேர்த்துவிட்டாய்" என்று வினையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். "பெயரைக் காப்பாற்றிவிட்டாய்" என்று சிலர் எழுதுவார்கள். அது வேண்டாம். காப்பாற்றும்படி என்ன ஆபத்து வந்தது என்று தோன்றும்.

அந்த வரியில் "நாங்கள்" என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆங்கிலத்தின் "வீ" தமிழில் இரண்டாகப் பிரிகிறது. "நாங்கள்" என்றால் கேட்பவள் அதில் இல்லை. "நாம்" என்றால் அவளும் உண்டு. "எங்களுக்குப் பெருமை" என்று எழுதினால் பேத்தி வெளியே நிற்கிறாள். "நமக்கெல்லாம் பெருமை" என்றால் உள்ளே வந்துவிடுகிறாள். சரி, அப்படியானால் வீட்டைச் சொல்லி "நம் வளவுக்கே பெருமை" என்று எழுதிவிடலாமா? அப்பத்தா கொடுக்கும் அட்டையாக இருந்தால் நான் அப்படித்தான் எழுதுவேன். இது ஆயா கொடுப்பது. பேத்திக்குப் பிறந்த வீடு அவளுடைய அப்பச்சியின், அதாவது அப்பாவின் வீடு. தாய்வழி ஆயா "நம் வளவு" என்று சொன்னால், பக்கத்தில் நிற்கும் அப்பத்தாவுக்கு லேசாக உறுத்தும். "இரண்டு வீட்டுக்கும் பெருமை சேர்த்துவிட்டாய்" என்பது அந்த இடத்துக்குப் பொருத்தம். அட்டையைக் கொடுக்கும்போது சம்பந்திகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அட்டை அந்த வீட்டு அலமாரியில்தான் இருக்கப்போகிறது.

"கடின உழைப்பு பலனளித்துள்ளது" என்பது செய்தித்தாள் தமிழ். "அளித்துள்ளது" என்று எந்த ஆயாவும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அதைவிட, "கடின உழைப்பு" என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, அந்தப் பெண் உண்மையில் என்ன செய்தாள் என்று உங்கள் அக்காவிடம் கேளுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முற்றத்தில் உட்கார்ந்து படித்தாளா? ராத்திரி கண் விழித்தாளா? பஸ்ஸில் போய் வந்துகொண்டே படித்தாளா? அதில் ஒன்றை எடுத்து, "விடியற்காலையில் எழுந்து நீ படித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது" என்று எழுதுங்கள். பேத்தியைத் தவிர வேறு யாருக்கும் அந்த அட்டையைக் கொடுக்க முடியாது என்றாகிவிடும். "வீண் போகவில்லை" என்றும் சொல்வதுண்டு. நான் இந்த இடத்தில் தவிர்ப்பேன், "வீண்" என்ற சொல் எதற்கு? அப்படியென்றால் "நோய்நொடி இல்லாமல்", "ஒரு குறையும் இல்லாமல்" என்று ஆசியில் சொல்கிறோமே என்று கேட்பீர்கள். அவை ஆசிக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பழகிய தொடர்கள், காதுக்கு நல்லதாகவே விழுகின்றன. நாமாகப் புதிதாகச் சேர்க்கும் சொல்லில்தான் கவனம் தேவை.

இனி ஆசி. உங்கள் வரியில் "நீங்கள் அடையட்டும்" என்பது பிழை. வாழ்த்தில் "அட்டும்" படர்க்கைக்கு உரியது: அவள் வரட்டும், மழை பெய்யட்டும். எதிரில் நிற்பவரிடம் "நீ வரட்டும்" என்று சொல்வோமா? ஆங்கிலத்து "மே" என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லா இடத்திலும் "அட்டும்" போடுவதால் வரும் தவறு இது. என்னிடம் திருத்த வரும் வாழ்த்துகளில் அடிக்கடி பார்க்கிறேன். "உயரங்கள்" என்பதும் ஆங்கிலத்தின் நிழல்தான். நாம் உயரங்களை அடைவதில்லை. உயர்கிறோம், மேலே வருகிறோம், முன்னுக்கு வருகிறோம்.

"மே யூ" என்பதற்குத் தமிழில் மூன்று நான்கு வாசல் இருக்கின்றன. எழுத்தில் மிகப் பழைய ஒன்று "க" என்று முடிவது: வாழ்க, வளர்க, உயர்க. வியங்கோள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வாழ்த்தவும் வையவும் ஆணையிடவும் வேண்டிக்கொள்ளவும் இந்த ஒரே வடிவம்தான்: வாழ்க, ஒழிக, செல்க, தருக. நீ வாழ்க, அவர் வாழ்க, அவர்கள் வாழ்க என்று இடமும் எண்ணும் மாறினாலும் சொல் மாறாது. நீயா நீங்களா என்ற குழப்பம் இதில் எழவே எழாது. அட்டையில் கடைசிச் சொல்லாக "வாழ்க" வந்து நின்றால் அதற்கு ஒரு நிறைவு உண்டு.

அடுத்தது "வாழ்வாயாக", "உயர்வாயாக". இதுவும் சரியான வடிவம்தான். ஆனால் புராணக் கதையில் முனிவர் வரம் கொடுப்பதுபோல ஒலிக்கிறது. "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்பதற்கு வேதாகமத் தமிழின் ஒலி இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் அதுவே வீட்டுத் தமிழ், அப்படியே வைத்துக்கொள்ளலாம். சைவக் குடும்பத்தில் சாமி "துணை இருப்பார்" என்போம், பெயர் சொல்லியும் சொல்வோம். பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரோ, குன்றக்குடி முருகனோ, உங்கள் வீட்டில் எந்தச் சாமியை முதலில் கூப்பிடுவார்களோ அந்தப் பெயரையே எழுதுங்கள். உங்கள் "அட்டும்" இங்கேதான் அழகாகப் பொருந்தும், சாமி படர்க்கை அல்லவா: "பிள்ளையார் துணை இருக்கட்டும்."

மூன்றாவது, வீட்டில் தினமும் காதில் விழுவது. "நல்லா இரு." இலக்கணத்தில் இது வெறும் ஏவல், "உட்கார்", "சாப்பிடு" என்பதுபோல. பெரியவர் வாயிலிருந்து சின்னவருக்கு வரும்போது அதுவே ஆசியாகிவிடுகிறது. "நல்லா இருப்பே" என்று எதிர்காலத்தில் சொன்னாலும் ஆசிதான். இதைக் கவனியுங்கள்: "நான் ஆசீர்வதிக்கிறேன்" என்று எந்த ஆயாவும் வாயால் சொல்வதில்லை. ஆசியைச் செய்கிறார்கள், செய்கிறேன் என்று அறிவிப்பதில்லை. அதனால் அட்டையின் நடுவில் "வாழ்த்துகிறேன்", "ஆசீர்வதிக்கிறேன்" என்று எழுத வேண்டியதே இல்லை. பழைய கடிதங்களில் தொடக்கத்தில் மட்டும் "ஆசீர்வாதம்" என்று ஒரு வார்த்தை இருக்கும், அது போதும்.

ஆசிக்குள் எதைச் சொல்வது என்பதில்தான் அவசரத்தில் தப்பு நடக்கிறது. ஆசி என்றதும் கை தானாகக் கல்யாண வாழ்த்தை எழுதிவிடும். "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்பது மணமக்களுக்கு உரியது. பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அது வேண்டாம். வீட்டில் யாராவது, "நல்ல இடத்துல மாப்பிள்ளை அமையணும்னு ஒரு வார்த்தை சேரு" என்றாலும் சேர்க்காதீர்கள். அவள் மேலே படிக்கப்போகும் நேரம் இது. மார்க்குக்குக் கிடைத்த அட்டையில் கல்யாணத்தைப் படித்தால் அந்தப் பிள்ளையின் முகம் வாடும். படிப்பு, உடம்பு, மனசு, நல்ல பேர், இந்த நாலில் இரண்டு மூன்றைச் சொன்னால் போதும்.

உங்கள் ஆத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிப்பவராக இருந்தால் வாக்கியம் ஒரு மூச்சில் முடிய வேண்டும். "மென்மேலும்" தடுக்கும், "இன்னும் மேலே" தடுக்காது. இத்தனையும் சேர்த்து நான் எழுதினால் இப்படி வரும்:

சிவமயம்

செல்வி (பேத்தியின் பெயர்) ஆத்தாவுக்கு,
ஆயாவின் ஆசீர்வாதம்.

நீ 600க்கு 561 மார்க் எடுத்தாய் என்று கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து நீ படித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் பெருமை சேர்த்துவிட்டாய்.

இன்னும் மேலே படித்து, நினைத்தது எல்லாம் நடந்து, நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு நீடூழி வாழ்க.

பிள்ளையார் துணை இருக்கட்டும்.

அன்புள்ள
ஆயா

தம்பி அனுப்பிய அஞ்சு கருத்தும் இதில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பாராட்டு "மனசு குளிர்ந்துவிட்டது" என்பதில் இருக்கிறது, பெருமையும் உழைப்பும் அடுத்த இரண்டு வாக்கியத்தில் இருக்கின்றன, உயரம் "இன்னும் மேலே" என்பதில், சாமி கடைசியில். எதையும் விடவில்லை. "நினைத்தது எல்லாம் நடந்து", "நோய்நொடி இல்லாமல்", "நல்ல பேரோடு", "நீடூழி வாழ்க" என்பவை ஆங்கிலத்தில் இல்லாதவை, நான் சேர்த்தவை. சட்டப் பத்திரத்தில் இப்படிச் சேர்த்தால் குற்றம். ஆசியில் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாவிட்டால் ஆயா சொன்னதுபோலவே இருக்காது, அதனால் சேர்த்தேன். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

"பெயரோடு ஆத்தா" என்று கூப்பிட்டிருப்பது பேத்தியைச் செல்லமாக அழைக்கும் நம் பக்கத்து வழக்கம். உங்கள் வீட்டில் "தாயி" என்றோ வெறும் பெயர் சொல்லியோ கூப்பிடுவார்கள் என்றால் அதையே போடுங்கள். பேரனாக இருந்தால் செல்வன், "ராசா". சிரஞ்சீவி என்றும் பழைய கடிதங்களில் உண்டு, இப்போது கல்யாணப் பத்திரிகையில்தான் அதிகம் பார்க்கிறோம்.

அம்மானும் தன் பெயரில் தனியாக ஒன்று அனுப்ப ஆசைப்பட்டால், போனில் இரண்டு வரி போதும்: "கெட்டிக்காரி! உன் மார்க்கைக் கேட்டதிலிருந்து இங்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்ததைப் படி, நல்லா வா. — அம்மான்." இங்கே "நீடூழி" எல்லாம் வேண்டாம். அம்மானுக்கு அந்த வயது இன்னும் வரவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், ஆத்தாவுக்கு வாசிக்க வசதியாக இருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிடுங்கள். கொடுக்கும் அன்று ஆத்தா உட்கார்ந்து அட்டையை வாசிக்கட்டும். குரல் தழுதழுத்தால் "இன்னும் மேலே படித்து" என்பதிலிருந்து மட்டும் வாசித்தால் போதும், மற்றதைப் பேத்தி பிறகு தானே படித்துக்கொள்வாள். அப்புறம் பேத்தி விழுந்து கும்பிட்டுக்கொள்வாள், ஆத்தா திருநீறு பூசிவிடுவார்கள். அப்போது "நல்லா இரு ஆத்தா" என்று அவர்கள் வாயில் தானாக வரும். அந்த வரியை அட்டையில் அச்சடிக்க வேண்டாம்.